0.05 என்பது 1-ஐ விடச் சின்னதா?

அம்மாவின் இரு உள்ளங்கைகளிலும் எக்ஸிமா. முதலில் கொடுத்த ஹைட்ரோகார்ட்டிசோன் 1% கிரீமுக்கு அது அடங்கவில்லை. தோல் மருத்துவர் அதை நிறுத்திவிட்டு, குளோபெட்டசோல் புரோப்பியோனேட் 0.05% ஆயின்மென்ட் எழுதினார். அம்மா இரண்டு டியூபையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "நம்பர் சின்னதாயிடுச்சே, அப்ப இது லேசான மருந்துதானே? கண்ணுக்குப் பக்கத்துல அரிக்குது, அங்கயும் கொஞ்சம் தடவிக்கவா?" என்றார்.

நியாயமான கேள்வி. தடவ வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, இரண்டு டியூபையும் தெரிந்த மருந்தாளுநரிடம் எடுத்துப் போனேன். அவர் முதலில் காட்டியது சதவீதத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த w/w. எடைக்கு எடை. 100 கிராம் களிம்பில் எத்தனை கிராம் மருந்து என்பதே அந்த எண். களிம்பை எடை போட்டுத்தான் தயாரிக்கிறார்கள் என்பதால் இந்தக் கணக்கு. தலையில் விடும் திரவ மருந்துகளில் w/v என்று இருக்கலாம். அது 100 மில்லியில் எத்தனை கிராம் என்பது.

அவர் சொல்லித்தந்த சுருக்குவழி எளிது. சதவீதத்தைப் பத்தால் பெருக்கினால், ஒரு கிராம் களிம்பில் எத்தனை மில்லிகிராம் மருந்து என்று வந்துவிடும். ஹைட்ரோகார்ட்டிசோன் 1% என்றால் கிராமுக்கு 10 மி.கி. குளோபெட்டசோல் 0.05% என்றால் 0.5 மி.கி. எடையில் பார்த்தால் புது டியூபில் மருந்து இருபதில் ஒரு பங்குதான். அம்மா சொன்னது அந்த அளவில் சரி.

ஆனால் அந்த எண் அளவைச் சொல்கிறதே தவிர, வீரியத்தைச் சொல்லவில்லை. இந்த இரண்டு மருந்துமே ஸ்டீராய்டுகள். தோலில் பூசும் ஸ்டீராய்டுகளின் வீரியத்தை ஒப்பிட ஒரு பழைய முறை உண்டு: மருந்தைத் தோலில் வைத்து, அடியில் இருக்கும் ரத்தக்குழாய்கள் சுருங்கி அந்த இடம் எவ்வளவு வெளுக்கிறது என்று பார்ப்பது. அமெரிக்காவில் இந்தச் சோதனையையும் நோயாளிகளிடம் கண்ட பலனையும் வைத்து ஏழு வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். 0.05% குளோபெட்டசோல் முதல் வகுப்பு, அதாவது உச்ச வீரியம். 1% ஹைட்ரோகார்ட்டிசோன் கடைசி வகுப்பு. ஒரு மூலக்கூறு தோலைக் கடந்து உள்ளே போய்ச் செல்லில் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். அதனால் சதவீதத்தை வைத்து ஒப்பிடுவதானால், ஒரே மருந்து, ஒரே வகைக் களிம்பு என்றால் மட்டுமே ஒப்பிடலாம். அப்போதும் சதவீதம் இரண்டு மடங்கானால் பலனும் இரண்டு மடங்காகும் என்று கிடையாது, ஏனென்றால் பூசியதில் சிறு பகுதிதான் உள்ளே போகிறது.

அடுத்து அவர் எழுதிக் காட்டிய இரண்டு பெயர்கள் என்னைக் கொஞ்சம் பயமுறுத்தின. குளோபெட்டசோல் புரோப்பியோனேட் 0.05%, குளோபெட்டசோன் பியூட்டிரேட் 0.05%. எண் ஒன்றேதான், பெயரும் ஏறக்குறைய ஒன்றுதான். முன்னது உச்ச வீரியம், பின்னது மிதமானது. ஆகவே டியூபில் முதலில் முழுப் பெயரை வால்பகுதியோடு படிக்க வேண்டும், அப்புறம் கிரீமா ஆயின்மென்ட்டா என்று பார்க்க வேண்டும், சதவீதம் கடைசியில்தான். எண்ணெய்ப்பசை மிகுந்த ஆயின்மென்ட் தோலை மூடி ஈரத்தை உள்ளேயே நிறுத்துவதால், பெரும்பாலும் அதே சதவீத கிரீமைவிட மருந்தைக் கூடுதலாக உள்ளே அனுப்பும்.

கண்ணோரம் ஏன் கூடாது என்பதும் அப்போது புரிந்தது. உள்ளங்கைத் தோல் தடிமன், மருந்து கொஞ்சம்தான் இறங்கும். அதனால்தான் அங்கே இவ்வளவு வீரியம் தேவைப்படுகிறது. இமைத் தோலோ மிக மெல்லியது. அங்கே இதைத் தொடர்ந்து தடவினால் தோல் இன்னும் மெலியலாம், கண்ணுக்குள் அழுத்தம் ஏறலாம். கண்ணோர அரிப்பை மருத்துவரிடம் தனியாகவே காட்டினோம்.

சரி, அப்படியானால் சதவீதத்தைப் பார்த்து என்ன பயன்? எவ்வளவு மருந்து பூசியிருக்கிறோம் என்று கணக்கு வைக்கலாம். பெரியவர்களின் ஆட்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். இரண்டு கைகளின் உட்புறத்துக்கும் விரல்களோடு சேர்த்து அதுவே போதும். அதில் குளோபெட்டசோல் 0.25 மி.கி. அம்மாவுக்கு மருத்துவர் சொன்னது தினம் இரண்டு வேளை, இரண்டு வாரத்துக்கு மட்டும். நாளுக்கு ஒரு கிராம், மொத்தம் 14 கிராம். 15 கிராம் டியூப் ஒன்று அதற்குச் சரியாக இருக்கும். முதல் வாரத்திலேயே டியூப் தட்டையாகிவிட்டால், அம்மா அதிகமாகப் பூசுகிறார் அல்லது வேறெங்கோ தடவுகிறார் என்று அர்த்தம்.