ஒப்புதல் படிவத்தை எழுதும் முன் அடையாள நீக்கத்தைத் திட்டமிடுங்கள்

என் முனைவர் பட்ட ஆய்வுக்காகத் தென்காசி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பீடி சுற்றும் 22 பெண்களிடம் நீண்ட நேர்காணல் எடுத்தேன். ஒப்பந்தக்காரரின் கடையில் இலையும் தூளும் வாங்கி வந்து, வீட்டில் சுற்றி, மறுபடி அதே கடையில் எண்ணிக் கொடுப்பது அவர்கள் தொழில். சரியில்லை என்று ஒதுக்கப்படும் பீடிக்குக் கூலி கிடையாது. அதைப் பற்றித்தான் அவர்கள் அதிகம் பேசினார்கள். பேசியது யார் என்று கடைக்குத் தெரிந்தால் அடுத்த வாரம் இலை கிடைக்காமல் போகலாம். ஆகவே இந்த ஆய்வில் பெரிய ஆபத்து கணினியைத் திருடுபவரிடமிருந்து வரவில்லை. ஆய்வேட்டைப் படித்துவிட்டு "இது நம்ம தெரு ஆள்தானே" என்று சொல்லக்கூடிய உள்ளூர்க்காரரிடமிருந்து வந்தது.

நான் தவறிய இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மூத்த மாணவர் ஒருவரின் ஒப்புதல் படிவத்தை எடுத்துத் தலைப்பை மாற்றி நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பினேன். "பதிவை ஆய்வாளரைத் தவிர யாரும் கேட்கமாட்டார்கள்" என்ற வரி அதில் இருந்தது. ஒன்பது நேர்காணல் முடிந்தபோதுதான் கணக்குப் போட்டேன். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்துப்படியாக்க எனக்கு ஏழு மணி நேரம் ஆனது. எல்லா நேர்காணலும் சேர்த்துச் சுமார் 25 மணி நேரப் பதிவு வரும். அப்படியென்றால் 175 மணி நேர வேலை. உதவிக்கு ஒருவர் வேண்டும், ஆனால் படிவம் அதைத் தடுத்தது. திருத்தம் எழுதிக் குழுவின் அனுமதி பெற்று, ஒன்பது பேரையும் மறுபடி சந்தித்துப் புதிய ஒப்புதல் கேட்டேன். ஒருவர் மறுத்தார், அவர் பதிவை நானே எழுதினேன். இதில் ஆறு வாரம் போயிற்று.

அதனால் திட்டத்தைப் பின்னாலிருந்து தொடங்குங்கள். ஆய்வேட்டில் ஒரு மேற்கோள் எப்படி அச்சாகும் என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். அங்கிருந்து சேமிப்பும் கடைசியில் ஒப்புதல் படிவமும் தாமாகவே பிறக்கும்.

பெயரை மாற்றுவது அடையாள நீக்கத்தில் மிகச் சிறிய பகுதி. ஒரு பெண் சொன்னதன் சாரம் இது: கணவர் கேரளத்தில் ரப்பர் வெட்டப் போயிருக்கிறார், மூத்த மகள் நர்ஸிங் படிக்கிறாள், கோயில் கொடைக்கு முந்தைய வாரம் இரண்டாயிரம் பீடியை ஒதுக்கிவிட்டார்கள். இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால் அந்த ஊரில் அவர் ஒருவர்தான் மிஞ்சுவார். நான் கணவரை "வெளியூரில் வேலை" என்றும், மகளை "கல்லூரியில் படிக்கும் பிள்ளை" என்றும் மாற்றினேன். கொடையை நீக்கி "ஒரு வாரம்" என்று மட்டும் விட்டேன். எண்ணிக்கையை வைத்துக்கொண்டேன், ஏனெனில் கூலி இழப்பு என் வாதத்துக்குத் தேவை. அந்த அளவு ஒதுக்கல் வேறு பலருக்கும் நடந்திருந்தது. எந்த விவரம் வாதத்துக்குத் தேவை, எது அழகுக்கு மட்டும் என்று வரிக்கு வரி கேட்க வேண்டியிருக்கிறது. புனைபெயரை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்வது மரியாதையாகத் தோன்றும். ஆனால் அதை அவர்கள் மதினியிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள். நானே வைத்தேன், மதமும் சாதியும் வயதும் பெயரிலேயே தெரியாதபடி பார்த்துக்கொண்டேன்.

இந்த விதிகள் கையில் இருந்தால் படிவத்தில் உண்மையை மட்டும் எழுத முடியும். "உங்களை யாராலும் அடையாளம் காண முடியாது" என்று எழுதாதீர்கள். சிறிய ஊரில் அந்த உறுதியை யாராலும் தர முடியாது. என்ன மாற்றப்படும் என்பதையும், எழுத்துப்படி எழுதும் உதவியாளர் பதிவைக் கேட்பார் என்பதையும் சொல்லுங்கள். பேசச் சம்மதம், பதிவு செய்யச் சம்மதம், மேற்கோள் காட்டச் சம்மதம் ஆகியவற்றைத் தனித்தனியே கேளுங்கள். எங்கள் ஆய்வில் மூன்று பேர் பேசினார்கள், பதிவு வேண்டாம் என்றார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைரேகை வாங்கும்போது, படிக்கத் தெரிந்த, சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருந்து கையெழுத்திட வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் கூறுகிறது. சார்பற்றவர் என்பதில் கவனம் வேண்டும். நான் முதலில் நினைத்த மகளிர் குழுத் தலைவி, கடைக்காரரின் உறவினர். பிறகு பக்கத்து ஊர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை அழைத்துச் சென்றேன். படிவம் வாசித்து முடிந்ததும் அவர் வெளியே சென்றுவிடுவார், நேர்காணலைக் கேட்கமாட்டார்.

சேமிப்பில் நான் கண்ட ஓட்டை கணினியில் இல்லை, காகிதத்தில் இருந்தது. ஒவ்வொரு ஒப்புதல் படிவத்தின் மூலையிலும் வசதிக்காக அவரவர் பதிவின் எண்ணை, P07 என்பதுபோல, எழுதி வைத்திருந்தேன். அந்த நொடியே படிவக் கட்டு முழுவதும் பெயரையும் எண்ணையும் இணைக்கும் திறவுகோலாகிவிட்டது. படிவத்தில் எண் எழுதாதீர்கள். பெயர், எண் பட்டியல் ஒரே ஒரு கோப்பில், கடவுச்சொல்லுடன், பதிவுகள் இல்லாத வேறொரு இடத்தில் இருக்கட்டும். எண்ணை வீட்டு வரிசைப்படி தராதீர்கள். கோப்பின் பெயரில் தேதியும் வேண்டாம், `P07_audio.m4a` போதும். நான் எந்த நாளில் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன் என்று தெரு முழுவதற்கும் தெரியும். கைப்பேசியில் பதிவு செய்தால், இணையச் சேமிப்பில் தானாக ஏறுவதை முதல் நாளே நிறுத்திவிடுங்கள். உதவியாளருக்கு வாட்ஸ்அப்பில் பதிவை அனுப்பாதீர்கள். குறியாக்கம் செய்த பென்டிரைவை நேரில் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வாங்குங்கள்.

இப்போது மறுபடி செய்வதாக இருந்தால் காலவரிசை இப்படி இருக்கும். முதல் மாதம் அடையாள நீக்க விதிகளும் சேமிப்புத் தாளும். இரண்டாம் மாதம் படிவம். அதை ஆய்வில் சேராத இருவரிடம் வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று திருப்பிச் சொல்லச் சொல்வேன். நெறிமுறைக் குழுவுக்கு மூன்று மாதம் ஒதுக்குவேன், ஏனெனில் கேள்விகள் வரும், குழு எல்லா மாதமும் கூடுவதில்லை. அனுமதிக் கடிதம் வரும் முன் ஒரு நேர்காணலும் எடுக்கக் கூடாது. பிறகு அனுமதி வாங்கிச் சரிசெய்ய வழியில்லை. ஆறாம் மாதம் முதல் ஒன்பதாம் மாதம் வரை களம். அன்றிரவே பதிவை மடிக்கணினிக்கு மாற்றி, இரண்டாவது பிரதி எடுத்து, இரண்டும் திறக்கிறதா என்று பார்த்த பின்பே கைப்பேசியில் அழிப்பேன்.

அடையாள நீக்கத்தை ஆய்வேடு எழுதும் காலத்துக்குத் தள்ளமாட்டேன்; எழுத்துப்படியைச் சரிபார்க்கும்போதே செய்வேன், ஏனெனில் அப்போதுதான் குரலும் சூழலும் நினைவில் இருக்கும். விலகும் உரிமைக்கும் ஒரு நாள் குறிக்க வேண்டும். நேர்காணலிலிருந்து 45 நாள் என்று படிவத்திலேயே எழுதி, அந்தத் தேதியைச் சிறிய சீட்டில் அவர்களிடம் கொடுப்பேன். கடைசிப் பெண்ணின் 45 நாளும் முடிந்து, எழுத்துப்படிகள் சரிபார்க்கப்பட்ட பின், பன்னிரண்டாம் மாதம் பெயர்ப் பட்டியலை அழிப்பேன். அதன் பிறகு ஒருவரின் பேச்சைத் தேடி எடுத்து நீக்க முடியாது என்பதும் படிவத்தில் இருக்கும். பதிவுகள் வாய்மொழித் தேர்வு வரை இருக்கும், தேர்வாளர் அவற்றைக் கோரலாம். கையெழுத்துப் படிவங்கள் எங்கள் குழு கேட்டபடி மூன்றாண்டு, துறையின் பூட்டிய அலமாரியில், நெறியாளரின் பொறுப்பில் இருக்கும்.