மெமோவுக்கு எழுதிய பதில்

தொழிற்சங்கப் பொறுப்பில் இருந்த காலத்தில், மெமோ வாங்கிய பலருக்குப் பதில் எழுத உதவியிருக்கிறேன். அவற்றில் ஸ்டோர்ஸில் வேலை பார்த்த ஒரு தம்பியின் மெமோவைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை அது. ஒரே மெமோவில் நான்கு குற்றச்சாட்டுகள், நாலும் நாலு விதம். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதும் முறையும் வேறாக இருந்தது.

மெமோவில் இருந்தவை இவை. 3, 4 தேதிகளில் முன்னறிவிப்பின்றி வேலைக்கு வரவில்லை. 9-ஆம் தேதி மேலதிகாரியின் உத்தரவுக்குக் கீழ்ப்படிய மறுத்தார். அதிகாரிகளிடம் மரியாதைக் குறைவாகப் பேசி வருகிறார். ஸ்டாக் சரிபார்ப்பில் 38 பேரிங்குகள் குறைந்தன. 48 மணி நேரத்தில் விளக்கம் தராவிட்டால், சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று கருதி மேல்நடவடிக்கை எடுக்கப்படும்.

அவர் ராத்திரியே உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். இத்தனை வருஷம் உழைத்ததற்கு இதுதானா பலன், மேனேஜருக்கு என்மேல் பழைய பகை, இன்னாரும் இன்னாரும் செய்ததை ஏன் கேட்கவில்லை என்று போயிற்று. அவர் மனசு பட்ட பாடு அதில் தெரிந்தது. ஆனால் 9-ஆம் தேதி என்ன நடந்தது என்று அந்த மூன்று பக்கத்தில் எங்கேயும் இல்லை.

"தம்பி, இதை மேனேஜர் மட்டும் படிக்கப்போறதில்லை" என்றேன். உள் விசாரணை வைத்தால் விசாரணை அதிகாரி படிப்பார். பிரச்சினை தொழிலாளர் துறைக்கோ தொழிலாளர் நீதிமன்றத்துக்கோ போனால் அங்கே உள்ளவர்களும் படிப்பார்கள். அவர்களுக்கு இவரையும் தெரியாது, மேனேஜரையும் தெரியாது. காகிதத்தில் இருப்பது மட்டுமே தெரியும். இப்போது சொல்லாததை விசாரணையில் சொன்னால், "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்றுதான் முதல் கேள்வி வரும். கோபத்தில் ஒரு வார்த்தை எழுதிவிட்டால், மரியாதைக் குறைவு என்ற மூன்றாவது குற்றச்சாட்டுக்கு நாமே சாட்சி கொடுத்ததாகிவிடும்.

முதல் வேலையாக, கெடு முடியுமுன்பே ஒரு சின்னக் கடிதம் கொடுத்தோம். ஸ்டாக் சரிபார்ப்பு அறிக்கை, அந்த மாத இருப்புப் பதிவேடு, பொருள் வழங்கிய சீட்டுகள் ஆகியவற்றின் நகல் வேண்டும். அவை கிடைத்த நாளிலிருந்து ஐந்து நாள் அவகாசம் வேண்டும். கெடு தாண்டியபின் அவகாசம் கேட்பதில் பயனில்லை. நிர்வாகம் மூன்று நாள் கொடுத்தது, நகல் எதுவும் கொடுக்கவில்லை. அதற்காகப் பதிலை நிறுத்தி வைக்கவில்லை. நகல் கேட்டதையும் தராததையும் பதிலின் தொடக்கத்திலேயே தேதியோடு குறித்தோம்.

அப்புறம் மெமோவில் இருந்த அதே வரிசையில், அதே எண் போட்டு எழுதத் தொடங்கினோம். பாதி உண்மையாக இருக்கும் குற்றச்சாட்டில்தான் பலரும் தடுமாறுவார்கள். முதலாவது அப்படிப்பட்டது. அவர் இரண்டு நாள் வரவில்லை, அது உண்மை. அதை மறுத்தால் வருகைப் பதிவேடே பொய்யாக்கிவிடும். "தவறு நடந்துவிட்டது, மன்னிக்கவும்" என்று எழுதினால் குற்றத்தையே ஒப்புக்கொண்டதாகும். விசாரணைகூட இல்லாமல் தண்டனை கொடுக்க அது வழிவிடும். எனவே இப்படி எழுதினோம்: "3, 4 தேதிகளில் நான் பணிக்கு வரவில்லை என்பது சரி. முன்னறிவிப்பின்றி என்பதை மறுக்கிறேன். 3-ஆம் தேதி காலை 5.40 மணிக்கு, என் தாயாரை மருத்துவமனையில் சேர்த்திருக்கும் விவரத்தை ஷிப்ட் சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் தெரிவித்தேன். அவர் சரி என்று பதில் அனுப்பினார். அந்தச் செய்தியின் நகலும் மருத்துவமனைச் சீட்டின் நகலும் இணைப்பு 1, 2." இன்னொரு வாக்கியமும் சேர்த்தோம். 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த, வேலை நிபந்தனைகளையும் ஒழுங்கு விதிகளையும் சொன்ன மத்திய மாதிரி நிலையாணையில், விடுப்பின்றி வராமல் இருப்பது வழக்கமாக நடந்தால் அல்லது பத்து நாளுக்கு மேல் போனால்தான் ஒழுங்கீனப் பட்டியலில் வரும் என்று இருந்தது. எங்கள் ஆலையின் நிலையாணையிலும் அப்படியே இருந்தது. மெமோ வந்தவுடன் நிலையாணையை எடுத்து, சொல்லப்பட்ட பிரிவை வார்த்தை வார்த்தையாகப் படித்துவிட வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை.

இரண்டாவதில்தான் எனக்கே பதைப்பு வந்தது. அன்று சாயங்காலம் லாரியில் இரும்புக் கம்பி வந்திருக்கிறது. எடை போடுவதற்கு முன்பே சரக்கு பெற்ற ரசீதில் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள், லாரிக்காரர் அவசரப்படுகிறார் என்று. இவர், "எடை போட்டுட்டுப் போடுறேன் சார்" என்றிருக்கிறார். மெமோவில் அது "கீழ்ப்படிய மறுத்தல்" ஆகிவிட்டது. நிலையாணையில் இருந்ததோ, சட்டப்படியான, நியாயமான உத்தரவுக்கு வேண்டுமென்றே கீழ்ப்படியாமை. பார்க்காத எடையைப் பெற்றதாக எழுதச் சொல்வது அதில் அடங்காது. அதிகாரி ஏன் அப்படிச் சொன்னார், லாரிக்காரருக்கும் அவருக்கும் என்ன என்றெல்லாம் தம்பிக்கு நிறையச் சந்தேகம் இருந்தது. ஒன்றையும் எழுத விடவில்லை. நிரூபிக்க முடியாததை எழுதினால் நிரூபிக்க முடிந்ததும் சந்தேகத்துக்கு உள்ளாகும். நேரம், லாரி எண், தம்பி சொன்ன சொற்கள், எடை முடிந்து அவரே கையெழுத்திட்ட ரசீதின் எண், அதிலுள்ள நேரம். அவ்வளவுதான் எழுதினோம். மறுத்தவர் எப்படி அரைமணி நேரத்தில் கையெழுத்துப் போட்டார் என்ற கேள்வியைப் படிப்பவரே கேட்டுக்கொள்வார்.

மூன்றாவதற்கு நாலே வரி. எந்தத் தேதி, யாரிடம், என்ன சொல், யார் கேட்டது என்று எதுவும் மெமோவில் இல்லை. "மறுக்கிறேன். விவரம் தரப்பட்டால் உரிய விளக்கம் அளிப்பேன், அதற்கான உரிமையை வைத்துக்கொள்கிறேன்" என்று முடித்தோம். யாரிடம் பேசியிருப்பேன் என்று இவராக யோசித்து ஒரு சம்பவத்தைச் சொல்லப் போனால், அவர்களிடம் இல்லாத விவரத்தை நாமே கொடுத்ததாகும்.

பேரிங் விஷயத்தில் நகல் இல்லாததால் எண்ணிக்கையை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஸ்டோர்ஸ் சாவி இரண்டு பேரிடம் இருப்பதையும், இரவு ஷிப்டில் சீட்டு எழுதி வாங்கும் பொருள்கள் மறுநாள்தான் கணினியில் ஏறும் என்பதையும், சரிபார்ப்பு நடந்தபோது தன்னைக் கூப்பிடவில்லை என்பதையும் சொன்னார். இன்னொரு சாவி வைத்திருந்தவர்மேல் பழி போடவில்லை. கடைசிப் பத்தியில்தான் பணிக்காலத்தையும், முன்பு எந்தத் தண்டனையும் இல்லாததையும் இரண்டு வரியில் சேர்த்தோம். தண்டனையை முடிவு செய்யும்போது முந்தைய பதிவைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று மாதிரி நிலையாணை சொன்னது. அந்த விவரத்துக்கு இடம் அங்கேதான்.

மூன்று பக்கம் ஒன்றரைப் பக்கமாகச் சுருங்கியது. நேரில் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் கேட்டார். தபால் பிரிவில் முத்திரை போடத் தயங்கினார்கள். அன்றே ஸ்பீட் போஸ்ட்டில் ஒன்றும் மின்னஞ்சலில் ஒன்றும் அனுப்பிவிட்டு, ரசீதைப் பத்திரப்படுத்தினோம்.

முதல் இரண்டு குற்றச்சாட்டுகளைக் கைவிட்டதாகக் கடிதம் வந்தது. மூன்றாவதற்குக் கடைசிவரை விவரம் வரவில்லை. நான்காவதற்கு மட்டும் விசாரணை நடந்தது. விசாரணை அதிகாரி முதலில் கேட்டதே இரவு ஷிப்ட் சீட்டுக் கட்டைத்தான். கணினியில் ஏறாத சீட்டுகளில் 26 பேரிங்குகள் இருந்தன. மீதி 12 எங்கே போயின என்பது விசாரணையிலும் தெரியவில்லை. இரண்டு சாவி இருந்ததால் அதை இவர் ஒருவர்மேல் சுமத்த முடியாது என்று அறிக்கை எழுதினார். அதன்பிறகு, சீட்டைக் கணினியில் ஏற்றும் வரை ஷிப்ட் மாறும்போது சாவியைக் கைமாற்றக்கூடாது என்று ஸ்டோர்ஸில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள்.