லாச்சிக்குள் கிடந்த செக்குகள்

கொழும்பில் ஒரு கம்பனியின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது வருகிற விண்ணப்பங்களை முதலில் பார்ப்பது நான்தான். அநேகமாக அவற்றை பஸ்ஸில் வரும்போதே போனில் திறந்து பார்த்துவிடுவேன். மின்னஞ்சலின் முதல் மூன்று நான்கு வரிகள்தான் திரையில் தெரியும். அவற்றில் பெயர், படித்த பாடசாலை, உயர்தரப் பெறுபேறு என்று இருந்தால், கை தானாகவே கீழே உள்ள சிவியைத் தொட்டுவிடும். மின்னஞ்சலில் மிச்சம் என்ன இருந்தது என்று பிறகு திரும்பிப் பார்ப்பது அரிது.

அதனால்தான் சின்னம்மாவின் மகள் தன் விண்ணப்பத்தைக் கொண்டுவந்தபோது கொஞ்சம் கவனமாக உட்கார்ந்தேன். புறக்கோட்டையில் ஓர் இரும்புச் சாமான் மொத்தக் கடையில் இரண்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறாள். ஒரு விநியோகக் கம்பனி கணக்கு உதவியாளர் கேட்டிருந்தது. அந்த விளம்பரத்தில் 'கடன் வாங்கிய வாடிக்கையாளர்களைத் தொடர்ந்து கவனிக்கத் தெரிந்திருக்க வேண்டும்' என்று ஒரு வரி. அவள் ஆங்கிலத்தில் எழுதிய மின்னஞ்சல் ஒரு முழுப் பக்கம் இருந்தது.

வெள்ளவத்தையில் அவர்கள் வீட்டு மேசையில் சிவியையும் மின்னஞ்சலையும் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். மின்னஞ்சலில் பதினாறு வசனங்கள். சிவியில் ஏற்கெனவே இருக்கிற எல்லாவற்றையும் பென்சிலால் கோடு போடச் சொன்னேன். வர்த்தகப் பிரிவில் உயர்தரம், கணக்கியல் படிப்பான ஏ.ஏ.ரி. முடித்தது, எக்செல் தெரியும், மூன்று மொழியும் பேசுவேன், எந்த மாதத்திலிருந்து வேலை செய்கிறேன் என்று ஒன்பது வசனங்கள் போயின. அடுத்து, அவளை அறியாத ஒருவர்கூட எழுதக்கூடியவற்றை வெட்டச் சொன்னேன். கடின உழைப்பாளி, குழுவோடு சேர்ந்து இயங்குவேன், உங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் சேர ஆவல் என்று நான்கு போயின. மிச்சம் மூன்று. ஒன்று எந்தப் பதவிக்கு என்பது, ஒன்று எப்போது வேலைக்கு வரலாம் என்பது. மூன்றாவது, 'திகதி போட்ட செக்குகளையும் நானே பார்த்துக்கொள்கிறேன்' என்ற வசனம். அது கடைசிப் பந்தியில் வேறு இரண்டு வேலைகளோடு சேர்ந்து கிடந்தது.

"அண்ணா, இனி ஒண்டும் இல்லையே" என்றாள். குரலில் கவலை தெரிந்தது.

"உந்தச் செக் கதை என்ன?" என்று கேட்டேன்.

அப்புறம்தான் விஷயம் வந்தது. மொத்த வியாபாரத்தில் சரக்கைக் கடனுக்குக் கொடுத்து, முப்பது நாள், அறுபது நாள் தள்ளித் திகதி போட்ட செக்கை வாங்குவது வழக்கம். அவள் சேர்ந்தபோது அந்தச் செக்குகள் வாடிக்கையாளர் பெயர்வாரியாக ஒரு லாச்சிக்குள் கிடந்தன. வெள்ளிக்கிழமைகளில் யாராவது எடுத்து, திகதி வந்தவற்றைப் பொறுக்கி வங்கியில் போடுவார்கள். திங்கட்கிழமைத் திகதியிட்ட செக் வெள்ளிதான் போகும். செக் கொடுத்த கடைக்காரர் திங்கட்கிழமைக்கென்று காசை வங்கியில் வைத்திருப்பார், புதன்கிழமை வேறு சாமானுக்கு எடுத்துவிடுவார். செக் திரும்பி வரும். ஆளை ஏமாற்றுக்காரர் என்று கடையில் திட்டுவார்கள். தாமதம் தங்கள் பக்கத்தில்தான் என்று ஒருவரும் பார்க்கவில்லை. ஒருமுறை லாச்சியின் அடியில் ஆறு மாதம் கடந்த செக் ஒன்றும் கிடைத்ததாம். அதை வங்கி ஏற்காது, வாடிக்கையாளரிடம் புதுச் செக் கேட்டு நிற்க வேண்டும்.

இவள் செய்தது இரண்டு வேலை. பெயர்வாரியாக இருந்த செக்குகளைத் திகதிவாரியாக அடுக்கி, எக்செலில் ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொரு நாளும் அன்றைய செக்கை அன்றே வங்கிக்கு அனுப்பினாள். அதோடு, திகதிக்கு இரண்டு நாள் முன்னதாகக் கடைக்காரருக்குப் போன் எடுத்து, "அண்ணை, வியாழக்கிழமை உங்கட செக் போடுறம்" என்று சொன்னாள். காசு இல்லையென்றால் அவர் அப்போதே சொல்லிவிடுவார், வேறு வழி பேசலாம். மாதத்துக்குப் பதினொன்று அளவில் திரும்பிய செக்குகள் ஆறு மாதத்தில் நான்காகக் குறைந்தன.

இவ்வளவையும் சிவியில் 'செக் கையாளுதல்' என்று இரண்டே சொல்லில் போட்டிருந்தாள். மின்னஞ்சலில் முன்னுக்கு வைக்க அவள் நினைத்தது வங்கிக் கணக்கை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வேலையை. அது பெரிதாகத் தெரிகிறது என்றாள். பெரிதுதான், ஆனால் அதைக் கணக்கு உதவியாளர் எல்லோரும் செய்கிறார்கள், விளம்பரமும் அதைக் கேட்கவில்லை. கேட்டது கடன்காரரைத் தொடர்ந்து கவனிக்கத் தெரிந்த ஆள். செக் கதை அதற்கு நேரே பதில்.

இரண்டாவது வரைவில் 'திரும்பிய செக்குகளை அறுபது வீதத்துக்கும் மேல் குறைத்தேன்' என்று எழுதிவிட்டாள். எனக்கு அது இடித்தது. அந்த ஆறு மாதத்தில் கடையில் வேறு என்ன மாறியது என்று கேட்டேன். யோசித்துவிட்டு, முதலாளி இரண்டு கடைகளுக்குக் கடன் கொடுப்பதை நிறுத்தினார் என்றாள். முன்பு திரும்பியவற்றில் மாதத்துக்கு மூன்று அளவில் அந்த இரண்டு கடைகளின் செக்குகள். அதைக் கழித்தால் எட்டு நான்காகியிருக்கிறது. பாதி. நேர்முகப் பரீட்சையில் கணக்குத் தெரிந்த ஒருவர் எதிரே உட்கார்ந்து இதே கேள்வியைக் கேட்பார். அப்போது விழுங்குவதைவிட, இப்போதே எட்டும் நான்கும் என்று எழுதுவது நல்லது. வீதமும் வேண்டாம், எண்ணிக்கையே போதும் என்று முடிவெடுத்தோம். கடைக்காரர்களின் பெயர் ஒன்றையும் போடவில்லை. அவர்களுடைய கடன் விவரம் வெளியே போகக் கூடாது.

கடைசியில் போன மின்னஞ்சலைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

'கணக்கு உதவியாளர் பதவிக்கு விண்ணப்பிக்கிறேன். நான் வேலை செய்யும் மொத்தக் கடையில் திகதி போட்ட செக்குகள் தாமதமாக வங்கிக்குப் போனதால் பல திரும்பி வந்தன. அவற்றைத் திகதிவாரியாகப் பட்டியலிட்டு, இரண்டு நாள் முன்னதாக வாடிக்கையாளருக்குப் போனில் நினைவூட்டி, உரிய நாளிலேயே வங்கியில் இடத் தொடங்கினேன். கடன் நிறுத்தப்பட்ட இரு வாடிக்கையாளரை விட்டுப் பார்த்தால், மாதம் எட்டு அளவில் திரும்பியவை ஆறு மாதத்தில் நான்காகின. ஏ.ஏ.ரி. முடித்திருக்கிறேன். ஒரு மாத முன்னறிவித்தலுடன் வேலைக்கு வர முடியும். சிவியை இணைத்துள்ளேன்.'

ஏ.ஏ.ரி. சிவியிலும் இருக்கிறது என்று அவளே பிடித்தாள். அது அப்படியே இருக்கட்டும் என்றேன், விளம்பரம் அதைக் கட்டாயத் தகுதியாகக் கேட்டிருந்தது. அப்படிக் கேட்ட ஒன்றை மின்னஞ்சலிலேயே காட்டிவிட்டால், விண்ணப்பங்களைப் பிரிப்பவர் தேட வேண்டியதில்லை. முன்பு பத்திரிகை விளம்பரங்களில் பதவியின் பெயரைக் கடித உறையின் இடது மேல் மூலையில் எழுதச் சொல்வார்கள். அந்த மூலை இப்போது மின்னஞ்சலின் தலைப்பு வரி. அவள் அதில் வெறுமனே 'விண்ணப்பம்' என்று போட்டிருந்தாள். பதவியின் பெயரையும் விளம்பரத்தில் இருந்த இலக்கத்தையும் போட்டோம்.

அனுப்பப் போகும்போது, இந்தப் பந்தியை அப்படியே சிவியிலும் ஒட்டிவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஒட்டினால் மறுபடி இரண்டும் ஒன்றாகிவிடும். சிவியில் 'செக் கையாளுதல்' என்ற இடத்தில், 'திகதி போட்ட செக் பட்டியல், மாதம் சுமார் 120 செக்குகள்' என்று ஒரு வரியை மட்டும் மாற்றினாள். எத்தனை செக் என்று சிவி சொல்லும், அவற்றை என்ன செய்தாள் என்று மின்னஞ்சல் சொல்லும். பிறகு அனுப்பினாள்.