நூறாவது கையெழுத்து

எங்கள் ஊராட்சியில் கிராம சபை செல்ல வந்தாக வேண்டிய குறைவெண் வரம்பு நூறு பேர். மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கும் மேலே போனால் 300 என்பது கணக்கு. 2011 கணக்கெடுப்பில் எங்கள் ஊர் இரண்டாயிரத்துச் சொச்சம். ஆக, நூறு பேர் வந்தால்தான் கிராம சபை. 99 பேர் வந்தால் அது நூற்றுக்கு ஒன்று குறைந்த கூட்டம் இல்லை, கூட்டமே இல்லை. ஒத்திவைத்து வேறு நாள் கூட்ட வேண்டியதுதான்.

2023 அக்டோபர் 2 கூட்டத்தில் தகராறு வரும் என்று முன்பே தெரியும். பொருள் பட்டியலில் முப்பதாயிரம் லிட்டர் மேல்நிலைத் தொட்டி இருந்தது. இடம் களத்துப் புறம்போக்கு. காலனிக்குத் தண்ணீர் வர அதைவிட்டால் மேடான இடம் கிடையாது. ஆனால் கீழத்தெருக்காரர்கள் நெல்லும் உளுந்தும் காயப்போடுவது அந்தக் களத்தில்தான். கலெக்டர் ஆபீஸுக்கு மனு போகும், கூட்டமே செல்லாது என்பார்கள், முதலில் கேட்கப்படுவது வருகைப் பதிவேடாகத்தான் இருக்கும். பக்கத்து ஊராட்சி ஒன்றில் அப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன். அங்கே பதிவேட்டில் பெயர்கள் வாக்காளர் பட்டியலில் இருக்கும் அதே வரிசையில் இருந்தன. வீடு வீடாக, கணவன், மனைவி, மகன் என்று. கூட்டத்துக்கு யாரும் அப்படி வரிசை கட்டி வர மாட்டார்கள். விசாரணைக்கு வந்தவர் முதல் பக்கத்தைப் பார்த்ததுமே மூடிவிட்டார்.

அதனால் அன்றைக்கு வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, தலைவர் வரவு செலவு வாசித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஊராட்சிச் செயலரான நான் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். பதிவேட்டில் 114 வரி. பார்க்கப் போதுமானது மாதிரிதான் இருந்தது. முதல் பக்கத்தில் தலைமையாசிரியர், வி.ஏ.ஓ., செவிலியர் என்று எட்டு அலுவலர்கள். கிராம சபையில் உறுப்பினர் என்றால் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். எட்டுப் பேரில் அங்கன்வாடி அம்மாவுக்கு மட்டுமே எங்கள் ஊரில் ஓட்டு. ஏழு போச்சு. பதினெட்டு ஆகாத பையன்கள் மூன்று பேர் ஆசையாகப் போட்டிருந்தார்கள். லீவுக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்த பெண்கள் இருவர், அவர்களுக்கு ஓட்டு புகுந்த ஊரில். வாசலில் ஒரு தரம், நோட்டு உள்ளே சுற்றி வந்தபோது இன்னொரு தரம் என்று இரட்டைக் கையெழுத்து மூன்று. கழித்துப் பார்த்தால் 99.

இவ்வளவு கறாராக யாரும் எண்ணுவதில்லை. கூட்டத்தைக் கவனிக்க அரசுத் தரப்பில் பற்றாளராக வந்திருந்தவரிடம் மெதுவாகச் சொன்னேன். "114 இருக்குல்ல, விடுங்க" என்றார். தலைவருக்கு விஷயம் போனதும், "டீக்கடையில நாலு பேர் நிக்கிறாங்க, கூப்பிட்டு ஒரு கையெழுத்து வாங்குங்க" என்றார். அது நடந்திருக்கும். கூப்பிட்டால் வருவார்கள், போட்டுவிட்டுப் போவார்கள். கூட்டத்தில் கால் வைக்காத ஆளின் கையெழுத்தை நான் வாங்க விரும்பவில்லை.

அப்போதுதான் அவரைப் பார்த்தேன். கீழத்தெரு விவசாயி. கூட்டம் ஆரம்பித்ததிலிருந்து தூண் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். தொட்டி வேண்டாம் என்று எழுந்து பேசியவரே அவர்தான். பதிவேட்டில் அவர் பெயர் இல்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். "அண்ணே, கையெழுத்து போடலியே?"

"போட்டா தொட்டிக்கு நானும் சரின்னு சொன்ன மாதிரி ஆயிடும் தம்பி."

"இது வந்ததுக்குத்தான் அண்ணே. தீர்மானத்துக்கு இல்ல. அதுக்கு வேற புத்தகம்."

பக்கத்தின் தலைப்பை விரல் வைத்து வாசித்தார். 'கிராம சபைக் கூட்டம், வருகைப் பதிவேடு' என்று தேதியோடு இருந்தது. "அப்போ நான் வேண்டாம்னு சொன்னதை எங்க எழுதுவீங்க?"

"தீர்மானப் புத்தகத்துல எழுதறேன்."

போட்டார். முழுப் பெயர், தகப்பனார் பெயர், தெரு, எல்லாம் அவரே எழுதினார்.

அவர் பயந்ததில் தப்பே இல்லை. எங்கள் ஊரிலேயே முன்பெல்லாம் ஒரே நோட்டுதான். மேலே தீர்மானம், அதன் கீழே வந்தவர்கள் கையெழுத்து. சில சமயம் கையெழுத்து முதலில் வரும், மேலே பாதிப் பக்கம் காலியாக விட்டிருப்பார்கள், எழுத்து பிறகு வரும். அப்படி வந்த தீர்மானங்களில் 'கீழே கையொப்பமிட்ட நாங்கள் அனைவரும் ஒப்புக்கொண்டு' என்று ஒரு வரி இருக்கும். வந்ததற்குப் போட்ட கையெழுத்து சம்மதமாக மாறியது அந்த வரியால்தான். இதைப் பார்த்து வளர்ந்த ஆள் கையெழுத்துப் போடத் தயங்குவதில் ஆச்சரியம் என்ன?

சொன்னபடி எழுதவும் செய்தேன். தீர்மானம் வாசித்தபோது கை தூக்கச் சொன்னோம். காலனிப் பக்கம் மொத்தமாகத் தூக்கியது. 'ஏகமனதாக' என்று எழுதுங்கள் என்றார் தலைவர். பற்றாளருக்கும் அதுதான் வசதி, ஆட்சேபம் என்று ஒரு வார்த்தை இருந்தால் மேலே கேள்வி வரும் என்றார். நான் 'பெரும்பான்மையோர் ஆதரவுடன்' என்று எழுதி, களத்தைப் பயன்படுத்தும் கீழத்தெரு விவசாயிகள் ஆட்சேபம் தெரிவித்தனர் என்றும், அதற்குச் சொன்ன காரணத்தையும் இரண்டு வரியில் சேர்த்தேன். கூட்ட முடிவில் அதை அப்படியே வாசிக்கவும் செய்தேன். தலைவர் என் முகத்தைப் பார்க்காமல்தான் கையெழுத்துப் போட்டார். வருகைப் பதிவேட்டில் கடைசிப் பெயருக்குக் கீழே கோடு இழுத்து, மீதிக் காலி வரிகளைக் குறுக்காக அடித்தேன். கைநாட்டுகளுக்குப் பக்கத்தில் இன்னாருடைய இடது கைப் பெருவிரல் ரேகை என்று எழுதி, அடையாளம் காட்டியவர் கையெழுத்தும் வாங்கினேன். காகிதத்தைப் பொறுத்தவரை அதைவிடச் சுத்தமான கூட்டம் எங்கள் ஊரில் நடந்ததில்லை.

அந்தக் கீழத்தெரு விவசாயி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டி, இரண்டு பதிவேட்டின் நகலும் வாங்கினார். அவருக்கு உதவிய வக்கீல் குமாஸ்தா நான் செய்த அதே கழித்தலைச் செய்திருக்கிறார். அதே ஏழு, மூன்று, இரண்டு, மூன்று. நகலோடு ஆபீஸுக்கு வந்து நின்றார். கோபமாக இல்லை.

"ஏன் தம்பி, நான் போடலன்னா அன்னைக்குக் கூட்டமே இல்லையாமே?"

"ஆமாண்ணே."

"அது உனக்கு அப்பவே தெரியுமா?"

தெரியும் என்றேன். நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். கலெக்டர் ஆபீஸுக்கு மனு எதுவும் போடவில்லை. போட்டும் பிரயோஜனம் இல்லை என்று குமாஸ்தா சொல்லியிருப்பார். பதிவேடு அவ்வளவு சரியாக இருந்தது.

நான் சொன்னது பொய் இல்லை. வருகைக்குத்தான் அந்தக் கையெழுத்து. அவர் வந்திருந்தார், உட்கார்ந்திருந்தார், பேசியிருந்தார். வந்த ஆளை வந்ததாகப் பதிவது என் வேலை. அவர் போடாவிட்டால் டீக்கடையிலிருந்து யாரோ போட்டிருப்பார், தீர்மானம் எப்படியும் நிறைவேறியிருக்கும், அவருடைய ஆட்சேபம் புத்தகத்தில் ஏறியதுகூட நான் போய்ப் பேசியதால்தான். இத்தனையும் சரிதான். ஆனால் அவர் என்னிடம் கேட்டது இந்தக் கையெழுத்து எதற்கு என்று. குறைவெண்ணுக்கு என்பதும் அதற்கு ஒரு பதில். அதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எழுந்து வெளியே போயிருப்பார், கூட்டம் நின்றிருக்கும். ஊருக்குத் தண்ணீர் தள்ளிப்போவதற்கு ஒரு ஆளுக்கு வழி சொல்லித் தருவதா செயலர் வேலை என்று ஒரு நாள் தோன்றுகிறது. எதிர்க்கிற ஆளுக்கு அந்த உரிமை உண்டுதானே, மறைக்க நான் யார் என்று மறுநாள் தோன்றுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நூறு, நூறு என்று நான் பிடித்துக்கொண்டு நின்றேனே தவிர, தொட்டித் தீர்மானம் வாசித்தபோது கூட்டத்தில் நூறு பேர் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனவர்கள், ஆட்டை அவிழ்த்துவிடப் போனவர்கள் எல்லாம் கழித்தால் அறுபது இருந்தால் அதிகம். மேலே அனுப்பிய போட்டோவில் எண்ணினால் தெரியும். அதை நான் கழிக்கவில்லை, யாரும் கழிப்பதில்லை. பதிவேட்டில் வந்த நேரம் எழுத இடமில்லை, போன நேரம் எழுத வழியே இல்லை. அந்த அளவுக்கு நெகிழ்வு இருக்கிற கணக்கில், ஒரு ஆளிடம் மட்டும் ஏன் அவ்வளவு நேர்மையாக நடந்துகொண்டேன் என்பதற்கும் என்னிடம் நல்ல பதில் இல்லை.

2013இல் ஒடிசாவின் நியமகிரியில், உச்ச நீதிமன்றம் சொன்னபடி 12 கிராம சபைகள் கூடின. ஒவ்வொன்றிலும் மாவட்ட நீதிபதி நிலையிலான ஒருவர் பார்வையாளராக உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன. அங்கே கூட்டம் கூடியதே சுரங்கத்தைப் பற்றி ஊர் என்ன சொல்கிறது என்று கேட்கத்தான். வேண்டாம் என்பதற்கு இடம் முதலிலேயே இருந்தது. எங்கள் நோட்டில் 'வரிசை எண், பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், குக்கிராமம், கையொப்பம்' என்று ஐந்து கட்டம். வேண்டாம் என்பவர் ஆறாவது கட்டத்தைத் தானே போட்டுக்கொள்ள முடியாது, கையெழுத்துப் போடாமல் இருக்கத்தான் முடியும்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'இது வருகைக்கான கையொப்பம் மட்டும். குறைவெண் கணக்கில் சேரும்' என்று எழுதிவிட்டுத்தான் நோட்டைச் சுற்றுக்கு விடுகிறேன். பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. ஒரு அம்மா மட்டும் படித்துவிட்டு, "இதென்ன சார், மிரட்டறீங்களா?" என்று கேட்டார்.

வந்து, பேசி, கையெழுத்துப் போட மறுக்கிறவரை என்ன செய்வது என்று ஒன்றியத்தில் கேட்டுப் பார்த்தேன். பெயரை நானே எழுதி, 'கையொப்பமிட மறுத்தார்' என்று குறிக்கலாமா, அப்படிக் குறித்தால் எண்ணிக்கையில் சேருமா என்று. கையெழுத்து இல்லன்னா ஆள் இல்ல, அவ்வளவுதான் என்றார்கள். எழுத்தில் கொடுங்கள் என்றேன். அதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.