வத்தக்குழம்பை ஆன்லைனில் சொல்லிக்கொடுக்கும் விதம்

நேரலையில் சமையல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த பிறகு, யார் புதிதாகச் சேர்ந்தாலும் முதல் வகுப்பு வத்தக்குழம்புதான். இந்தக் குழம்புக்கு மணி பார்த்து அடுப்பை அணைக்க முடியாது. பச்சைப் புளி வாசனை போனதா, எண்ணெய் பிரிந்ததா என்று பார்த்துத்தான் இறக்க வேண்டும். அந்த வாசனை திரையில் வராது. மாணவர் மூக்குக்கு என்ன எட்டுகிறதோ, அதை அவர் வாயால் கேட்டுத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும். பொருள் பட்டியலிலிருந்து கேமரா வரை நான் செய்துவைத்திருக்கும் எல்லாமே இந்த ஒரு சிக்கலைச் சமாளிக்கத்தான்.

முதலில் பட்டியல். வகுப்புக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுகிறேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் தமிழ்க் கடைக்கு வாரக் கடைசியில்தான் போவார்கள், அதனால் நடுவில் ஒரு சனி ஞாயிறாவது கிடைக்க வேண்டும். "நல்லெண்ணெய்" என்று மட்டும் எழுதினால் போதாது. லண்டனிலோ டொரண்டோவிலோ பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் எள் எண்ணெய் என்று கேட்டால், வறுத்த எள்ளில் எடுத்த, கருத்த சீன எண்ணெயைத் தருவார்கள். "அக்கா, எண்ணெய் காய்ஞ்சதும் நூடுல்ஸ் வாசனை வருதே" என்று ஒருவர் கேட்டார். பாட்டிலைக் கேமரா பக்கம் திருப்பச் சொன்னேன். அந்த எண்ணெயேதான். அதில் தாளித்துவிட்டால் மேற்கொண்டு எதைச் சேர்த்தாலும் வத்தக்குழம்பு ருசி வராது. இப்போது பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில், எது சரி, எது வேண்டாம் என்று இரண்டு படம் போடுகிறேன்.

புளியும் அப்படித்தான். எலுமிச்சை அளவு என்றால் நமக்குப் புரியும். ஆனால் அவரவர் ஊர் எலுமிச்சை அவரவர் அளவில் இருக்கும். 4 பேருக்கு 30 கிராம் கட்டிப் புளி என்று எழுதிவிடுகிறேன். டப்பாவில் வரும் கெட்டிப் புளி விழுது வைத்திருந்தால், 2 டீஸ்பூனில் ஆரம்பித்து, கரைத்து ருசி பார்த்துக் கூட்டச் சொல்வேன். கரண்டிக் கணக்கிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. பெரும்பாலான இடங்களில் ஒரு மேசைக்கரண்டி 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20 மில்லி. குழம்புத்தூளில் அந்த வித்தியாசம் காரத்தில் தெரிந்துவிடும், அதனால் தூளையும் கிராமில்தான் தருகிறேன். இலங்கைத் தமிழர்கள் சிலர் வீட்டில் இருக்கும் வறுத்த தூளைப் போடலாமா என்று கேட்பார்கள். தாராளமாகப் போடலாம், பெருஞ்சீரக வாசனை தூக்கலாக வரும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும் என்பது பட்டியலின் முதல் வரி.

அடுத்து கேமரா. நிறைய பேர் கடாய்க்கு நேர் மேலே போனைத் தொங்கவிடுகிறார்கள். குழம்பு கொதித்ததும் ஆவி லென்ஸில் படிந்து படம் மங்கிவிடும். நான் போனை என் இடது தோளுக்கு மேலே, கடாயைச் சாய்வாகப் பார்க்கிற மாதிரி ஸ்டாண்டில் வைக்கிறேன். எனக்கு வலது கைப் பழக்கம், கரண்டி பிடித்த கை படத்தை மறைக்காது. மாணவரும் தன் அடுப்பைத் தான் பார்க்கிற அதே பக்கத்திலிருந்து என் அடுப்பைப் பார்ப்பார். லேப்டாப் எதிரே இருக்கும், அதில் என் முகமும் அவர்கள் முகமும். இரண்டு கருவியும் ஒரே வகுப்புக்குள் இருப்பதால், போனில் மைக், ஸ்பீக்கர் இரண்டையும் அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் கீச்சென்று கூவ ஆரம்பித்துவிடும்.

வீட்டில் நான் வத்தக்குழம்பு வைப்பது கல்சட்டியில். வகுப்பில் அதைத் தொடுவதில்லை. கறுப்புப் பாத்திரத்தில் கருஞ்சிவப்புக் குழம்பு கேமராவுக்கு ஒரே இருட்டாகத்தான் தெரியும். அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் வைக்கிறேன். அப்படியும் எண்ணெய் பிரிவது சரியாகத் தெரியாது. அதனால் சில நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு கரண்டி குழம்பை வெள்ளைப் பீங்கான் தட்டில் விட்டு, தட்டைச் சாய்த்துக் கேமராவிடம் காட்டுவேன். ஆரம்பத்தில் தண்ணீர் முன்னால் ஓடும், தூள் பின்னால் நிற்கும். பாதியில் இரண்டும் சேர்ந்து மெதுவாக இறங்கும். பதம் வந்ததும் குழம்பு நகராமல் நிற்கும், அதன் ஓரத்தில் சிவப்பு எண்ணெய் கோடு கட்டும். மாணவர்களும் அவரவர் வெள்ளைத் தட்டில் அதையே செய்து கேமராவில் காட்ட வேண்டும். யார் குழம்பு எந்த இடத்தில் நிற்கிறது என்று ஒரு பார்வையில் எனக்குத் தெரிந்துவிடும்.

சத்தமும் முக்கியம். சுண்டைக்காய் வத்தலை எண்ணெயில் போட்டதும் சடசடவென்று பொரியும். அந்தச் சத்தம் குறையும்போது எடுத்துவிட வேண்டும், விட்டால் கருகிக் கசக்கும். ஜூம் செயலி இரைச்சல் என்று நினைத்து இந்தச் சத்தத்தை வடிகட்டிவிடுகிறது. ஆடியோ அமைப்புகளில் Original sound for musicians என்று இருப்பதை வகுப்புக்கு முன்பே போட்டுவைக்கிறேன். சிம்னி ஓடினால் அதுவும் சேர்ந்து கேட்கும் என்பதால், அந்தச் சில நிமிடம் அதை நிறுத்திவிடுவேன். வத்தலில் ஏற்கெனவே உப்பு இருப்பதால், முதலில் பாதி உப்பு, தட்டில் ருசி பார்த்த பிறகு மீதி.

கட்டணத்துக்கு வருவோம். வகுப்பு ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் பட்டியல், கேள்விகளுக்குப் பதில், கடைக்குப் போவது, ஒத்திகை, பாத்திரம் தேய்ப்பது, பதிவைச் சீராக்குவது என்று சேர்த்தால் 6 மணி நேரம் ஆகிவிடும். ஒருவருக்கு 600 ரூபாய் வாங்குகிறேன். 10 பேர் சேர்ந்தால் 6,000. அதில் எனக்குச் சாமான் 300, இணையமும் ஜூமும் 200, சாட்டைப் படித்துச் சொல்லும் பெண்ணுக்கு 500 போக 5,000 நிற்கும். 4 பேர் மட்டும் வந்தால் 1,400தான் மிஞ்சும், அதனால் 6 பேராவது சேர்ந்தால்தான் நடத்துகிறேன். 10 பேருக்கு மேல் சேர்ப்பதும் இல்லை. 10 தட்டுக்கு மேல் என்னால் நிதானமாகப் பார்க்க முடியாது. பட்டியல் அனுப்பிய பிறகு பணம் திருப்புவதில்லை, 2 நாள் முன்பு சொன்னால் அடுத்த வகுப்புக்கு மாற்றித்தருவேன். நேரம் சனிக்கிழமை மாலை 6.30. குளிர்காலத்தில் அப்போது லண்டனில் மதியம் 1 மணி, டொரண்டோவில் காலை 8. கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், அந்த வாரம் எல்லோருக்கும் தனியாக ஒரு செய்தி அனுப்பிவிட வேண்டும்.

பதிவை வகுப்பில் சேர்ந்தவர்களுக்கு மட்டும், 30 நாளைக்குத் தருகிறேன். தனியாக விற்கச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள், எனக்கு மனம் வரவில்லை. தட்டைக் காட்டித் திருத்திக்கொள்ளாமல் இந்தக் குழம்பின் பதம் பிடிபடாது. பதிவில் என் அடுப்பு மட்டுமே வருகிற மாதிரி போன் கேமராவை Spotlight செய்துவைக்கிறேன், அடுத்தவர் சமையலறை யார் கைக்கும் போகக் கூடாது. குரல் பதிவாகும் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன், விருப்பமில்லாதவர்கள் சாட்டில் கேட்கலாம். காத்திருக்கும் நேரத்தை வெட்டிவிட்டால் 40 நிமிடத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் புளித்தண்ணீர் கொதிக்கும் பகுதியை மட்டும் வெட்டுவதில்லை. எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று முழுதாகப் பார்த்தால்தான் தெரியும். கூடவே வத்தல் பொரிப்பது, தூள் வதக்குவது, முதல் தட்டு, கடைசித் தட்டு எந்த நிமிடத்தில் வருகின்றன என்று எழுதி அனுப்புகிறேன். அடுப்படியில் எண்ணெய்க் கையோடு நிற்கும்போது போனைத் தள்ளித் தள்ளித் தேட முடியாது.