காணாமல் போன நாய்க்கு எந்தப் படம் போடுவது?

பெங்களூரு அல்சூரில் நான் வேலை பார்க்கும் டிடிபி கடைக்குத் தீபாவளி முடிந்த கையோடு 'நாயைக் காணவில்லை' என்று யாராவது வந்து நிற்பார்கள். வெடிச் சத்தத்தில் மிரண்டு, திறந்திருந்த கேட் வழியாக ஓடிய நாய்கள். வருகிறவர்கள் போனில் எடுத்துக் காட்டுவது எப்போதுமே அவர்களுக்குப் பிடித்த படம்: மூக்கு பெரிதாக, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கேமராவைப் பார்க்கும் முகம். தெருவில் போகிறவர் நாயை அப்படிப் பார்ப்பதே இல்லை. அவர் கண்ணில் படுவது பத்திருபது அடி தூரத்தில், பக்கவாட்டில் நடந்து போகும் முழு உடம்பு.

போன வருடம் வந்த ஓர் அக்காவின் நாய் மணி, பழுப்பு நிற நாட்டு நாய். இதில்தான் சிக்கல் அதிகம். எங்கள் தெருவிலேயே அதே நிறத்தில் நாலைந்து நாய்கள் சுற்றுகின்றன. பழுப்பு நாய் என்று மட்டும் போட்டால் போன் ஓயாமல் அடிக்கும், எல்லாம் வேறு நாயாக இருக்கும்.

"மத்த நாய்ங்ககிட்ட இல்லாதது மணிகிட்ட என்னக்கா இருக்கு?" என்று கேட்டேன்.

"முன்னங்கால் ஒண்ணு மட்டும் முட்டிக்குக் கீழ வெள்ளையா இருக்கும் தம்பி. வால் முதுகு மேல சுருண்டிருக்கும்."

"எந்தக் கால்?"

யோசித்தார். போனில் இருந்த செல்ஃபியைப் பார்த்து "வலது" என்றார். அதே படத்தில் அவர் மகன் போட்டிருந்த டீ-ஷர்ட்டின் எழுத்துகள் இடவலம் மாறி, கண்ணாடியில் தெரிவதுபோல் இருந்தன. சில போன்களின் முன்பக்கக் கேமரா படத்தை இடவலம் மாற்றியே சேமித்துவிடும். அப்படியானால் வெள்ளைக் கால் இடதுதான். படத்தில் எழுத்து, கடிகாரம், வண்டி நம்பர் என ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். கால் மாறிப் போனால், உண்மையான மணியையே பார்த்தவர்கூட 'இது அது இல்லை' என்று போய்விடுவார்.

சோபாவில் சுருண்டு படுத்திருக்கும் படத்தில் காலும் இல்லை, வாலும் இல்லை. கடைசியில் உதவியது மொட்டை மாடியில் எடுத்த ஒரு வீடியோ. மணி நடந்து போய், தண்ணீர்த் தொட்டி பக்கம் ஒரு நொடி நிற்கிறான். நடக்கும்போது நிறுத்தினால் கால்கள் கலங்கியிருக்கும். அவன் நின்ற அந்த நொடியில் நாலு காலும் வாலும் காதும் தெளிவாகத் தெரிந்தன. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறையும் என்பதால், வீடியோவை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் செய்தது கொஞ்சம்தான். பின்னால் இருந்த துணிக்கொடி, பூந்தொட்டிகளை நீக்கி வெளிர் சாம்பல் பின்னணி வைத்தேன். வெள்ளை வைத்தால் வெள்ளைக் கால் அதில் கரைந்துவிடும். மாலை வெயிலில் எடுத்ததால் ரோமம் ஆரஞ்சாகத் தெரிந்தது. அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இதான், இதான் அவன் கலர்" என்று அவர் சொல்லும்வரை மஞ்சளைக் குறைத்தேன். நிறத்தை அழகாக்கும் ஃபில்டர் எதையும் போடக் கூடாது. கறுப்பு வெள்ளை ஜெராக்ஸும் வேண்டாம், பழுப்பும் கறுப்பும் அதில் ஒன்றாகிவிடும்.

ஏ4 தாளில் பாதிக்கு மேல் அந்த முழு உடம்புப் படம். வெள்ளைக் காலைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். கீழே கன்னடம், தமிழ், ஆங்கிலத்தில் ஒவ்வொரு வரி, பெரிதாக போன் நம்பர். கழுத்துப் பட்டையைப் பற்றி எழுதவில்லை. ஓடும்போது அது கழன்றிருக்கலாம். வலது காதின் உள்பக்கம் இருக்கும் கறுப்பு மச்சத்தை வேண்டுமென்றே சொல்லாமல் விட்டோம்.

நிறைய அடிப்பதற்கு முன், ஒரே ஒரு பிரதியை எதிர்க் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, இந்தப் பக்கம் பூ விற்கும் அம்மாவிடம் கேட்டேன். "பழுப்பு நாய், ஒரு கால் வெள்ளை, வால் சுருட்டை" என்றார். அது போதும். லேசர் பிரிண்ட்டில் அடித்தோம். இங்க்ஜெட் மை பல நேரம் மழைத் தூறலிலேயே ஒழுகும். பிளாஸ்டிக் உறையின் திறந்த வாய் கீழே பார்க்கும்படி, கேட்டு அனுமதி வாங்கிய கடைகளில் மட்டும் ஒட்டச் சொன்னேன்.

முதலில் ஒருவன் கூப்பிட்டு, நாய் தன்னிடம் இருக்கிறது, முன்பணம் அனுப்புங்கள் என்றானாம். காதுக்குள் என்ன இருக்கிறது என்று அக்கா கேட்டதும் போனை வைத்துவிட்டான். அடுத்த அழைப்பு மர்பி டவுனில் இஸ்திரி போடுகிறவரிடமிருந்து: "வண்டிக்கு அடியில ஒரு நாய் படுத்திருக்கும்மா, இடது கால் வெள்ளை. வால் மட்டும் சுருளல, கீழ தொங்குது." பயந்த நாய் வாலைத் தொங்கவிடும். காதுக்குள் மச்சம் இருந்தது.