இம்மாதத்தின் எங்கள் அன்பு வாடிக்கையாளர்

படத்தில் இருக்கும் ஆசிரியை அம்மா பல ஆண்டுகளாக எங்கள் கடையில் மட்டுமே ரவிக்கை தைத்துக்கொள்பவர். பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று சொல்லி, படத்தையும் இந்தச் செய்தியையும் வெளியிட மகிழ்ச்சியுடன் அனுமதி தந்தார்.

அவர் முதன்முதலில் வந்தபோது, கரும்பலகையில் எழுதக் கையை உயர்த்தினால் ரவிக்கை முழுவதும் மேலே ஏறிவிடுகிறது என்றும், கைக்குழியை இன்னும் இறக்கித் தளர்த்தித் தர வேண்டும் என்றும் கேட்டார். பலரும் அப்படித்தான் கேட்பார்கள். ஆனால் கைக்குழி கீழே இறங்க இறங்க, உயரும் கை பக்கவாட்டுத் துணியையும் சேர்த்தே இழுக்கும். அவர் கொண்டுவந்த அளவு ரவிக்கையில் குழி அக்குளை விட்டு வெகுவாக இறங்கியிருந்தது.

வெட்டிய துணியில் குழியை மேலேற்ற இயலாது என்பதால், புதுத் துணியில் குழியை அரை அங்குலம் உயர்த்தி, கையின் மேல் வளைவைச் சற்றுத் தாழ்த்தி அகலப்படுத்தி வெட்டினோம். கையைத் தொங்கவிடும்போது அக்குளருகே சிறு மடிப்பு விழும் என்பதை முன்பே சொன்னோம்; அதை அவர் மனமுவந்து ஏற்றார். இறுதித் தையலுக்கு முன் எங்கள் சுவரிலேயே எழுதுவதுபோல் கையை உயர்த்திக் காட்டினார், ரவிக்கை அசையவில்லை.

அன்று தாளில் வெட்டி வைத்த அவருடைய அளவுப் படிவம் இன்றும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. நன்றி, அம்மா.